வெள்ளத்தில் போன சரக்கும் 17(5)(h) பிரிவும்: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவருக்கும் எல்லா மாநில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் சிறு கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற வரி ஆலோசகர் நான். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவில் (h) என்ற ஒரே ஒரு உட்பிரிவைப் பற்றித்தான் இந்த மடல். தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்ட, அன்பளிப்பாகவோ இலவச மாதிரியாகவோ கொடுக்கப்பட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது என்கிறது அது. வாங்கும்போதே எடுத்திருந்தால் திருப்பிக் கட்டிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் இதை 'இன்புட் ரிவர்ஸ்' என்போம். அறிவிக்கப்பட்ட இயற்கைப் பேரிடரில் அழிந்த சரக்கை இந்த உட்பிரிவிலிருந்து விலக்கி வையுங்கள் என்பது என் கோரிக்கை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கடைவீதிகளுக்குள் புகுந்தது. அப்போது நீங்களும் உதவினீர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத வரி ரிட்டர்னான GSTR-3B தாக்கல் செய்ய 2024 ஜனவரி 10 வரை அவகாசம் தரப்பட்டது. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அவகாசம் முடிந்து டிசம்பர் மாத ரிட்டர்னைப் போட உட்கார்ந்தபோதுதான் பலருக்கும் உண்மையான அடி விழுந்தது.

ஒரு கடையின் கணக்கை இங்கே வைக்கிறேன். யாருடையது என்று தெரியக்கூடாது என்பதால் எண்களை முழுத்தொகைகளாக மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு உண்மையானது. மொத்த மளிகைக்கடை; பின்னால் குடோன். குடோனில் நெஞ்சளவுக்குத் தண்ணீர் நின்றது. சோப்பு, பற்பசை, பிஸ்கட், சலவைத்தூள் என்று அப்போது 18% வரி இருந்த சரக்கு, வரி சேர்க்காத அடக்க விலையில் 6,00,000 ரூபாய்க்குப் போயிற்று. எண்ணெய், சர்க்கரை, தேயிலை போன்ற 5% சரக்கு 4,00,000. இவற்றோடு 26 கிலோ அரிசி மூட்டைகளும் சில்லறைப் பருப்பும் 3,00,000. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும், பாக்கெட் போடாத பருப்புக்கும் வரியில்லை.

அரிசி, பருப்பில் கடைக்காரர் வரி கட்டி வாங்கவில்லை, வரவும் எடுக்கவில்லை. ஆகவே அங்கே திருப்பிக் கட்டவும் ஒன்றுமில்லை, நட்டம் 3,00,000 ரூபாயோடு நின்றது. 18% சரக்கில் அவர் எடுத்திருந்த வரவு 1,08,000. 5% சரக்கில் 20,000. இரண்டும் சேர்ந்து 1,28,000 ரூபாய். டிசம்பர் மாத GSTR-3B படிவத்தில் 4(B)(1) என்ற கட்டத்தில் இதைக் காட்டினோம். அங்கே காட்டியது பிறகு திரும்பி வராது. பின்னால் மீட்டெடுக்கக்கூடிய வரவுக்கு 4(B)(2) என்று தனிக் கட்டம் உண்டு, வெள்ளத்தில் போன சரக்குக்கு அதில் இடமில்லை.

ஆக, 13,00,000 ரூபாய் சரக்கை இழந்தவரின் நட்டம் 14,28,000 ஆனது. அந்தக் கூடுதல் தொகை வந்த நேரத்தையும் பாருங்கள். கடையைக் கழுவி, அலமாரி மாற்றி, புதுச் சரக்கு எடுத்து மறுபடி திறக்கப் பணம் தேடிய மாதம் அது. வழக்கமாக வரவில் கழிந்திருக்கும் விற்பனை வரியை அந்த வரவு போய்விட்டதால் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது.

இதற்குச் சட்டம் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். வரி போட்டு விற்கப்போகும் சரக்குக்குத்தான் உள்ளீட்டு வரவு. விற்பனையே நடக்காவிட்டால் வரவு எதற்கு என்பது அந்தக் காரணம். வரிவிலக்குப் பொருள் விற்பவருக்கு 17(2) பிரிவு வரவைக் குறைப்பதும் இதே அடிப்படையில்தான். அங்கே அது பொருந்துகிறது. அரிசியை ஒருவர் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார். அரசு அந்த நுகர்வுக்கு வரி வேண்டாம் என்று விட்டிருக்கிறது, அதற்குப் பதிலாக முந்தைய கட்டத்து வரியை வைத்துக்கொள்கிறது. வெள்ளத்தில் கரைந்த சோப்பை யார் பயன்படுத்தினார்? ஒருவரும் இல்லை. ஜிஎஸ்டி நுகர்வின் மீதான வரி என்றுதான் 2017 ஜூலையில் எங்களிடம் சொல்லப்பட்டது. நுகர்வே நடக்காத சரக்கின் மீது 1,28,000 ரூபாய் அரசிடம் தங்கிவிடுகிறது. அதைச் சுமப்பவர் நுகர்வோர் அல்ல, சரக்கை இழந்த வியாபாரி.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வெள்ளம் வடிந்ததும் குடோனில் நனைந்த பிஸ்கட் பெட்டிகள் 1,00,000 ரூபாய் அடக்கத்துக்குக் கிடக்கின்றன என்று வையுங்கள். கடைக்காரர் நேர்மையாக அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தால் அது 'அழிந்த சரக்கு'. 18,000 ரூபாய் வரவு போய்விடும். அதையே யாரோ ஒருவருக்கு 10,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால் அது விற்பனை. 1,800 ரூபாய் வரி போட்டு பில் கொடுத்தால் போதும், 18,000 வரவும் கையில் இருக்கும், 10,000 ரூபாயும் வரும். கெட்டுப்போன உணவை அழித்தவருக்கும் விற்றவருக்கும் நடுவில் 28,000 ரூபாய் வித்தியாசம், விற்றவருக்குச் சாதகமாக. நான் கணக்கு பார்க்கும் கடைகளில் அழிக்கச் சொல்லித்தான் வற்புறுத்துகிறேன். ஆனால் எல்லாம் இழந்து நிற்கும் ஒருவரிடம் இந்தக் கணக்கை விளக்கிவிட்டு அப்படிச் சொல்வது எளிதல்ல. மக்கள் உடல்நலத்துக்கு எதிரான பக்கமாக ஒரு வரிப் பிரிவு வியாபாரியைத் தள்ளக்கூடாது.

தண்ணீர் ஏறாத மேல் அலமாரிச் சரக்கை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. பால் பவுடர், பிஸ்கட், தீப்பெட்டி, மெழுகுவத்தி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்தார்கள். சாலை துண்டிக்கப்பட்டு மீட்புப் படை வரும்வரை பல தெருக்கள் அதில்தான் பிழைத்தன. 17(5)(h) பார்வையில் அது அன்பளிப்பு. அதற்கும் வரவைத் திருப்ப வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு திருப்புவது என்று கணக்கிடும் வேலை. விதி 56(2) சரக்குக் கணக்கில் தொலைந்ததும் அழிந்ததும் தள்ளுபடியும் தனியாகக் காட்டப்பட வேண்டும் என்கிறது. சரி, நியாயமான விதி. ஆனால் பில் கட்டுகளும் கம்ப்யூட்டரும் சரக்கோடு சேர்ந்து தண்ணீரில் போயிருந்தன. போர்ட்டல் தரும் கொள்முதல் பட்டியலான GSTR-2B-யில் எந்த சப்ளையர், எந்த பில், எவ்வளவு வரி என்பது கிடைக்கும். எந்தப் பொருள், எத்தனை பெட்டி என்பது கிடைக்காது. அழிந்த பெட்டி எந்த மாத பில்லில் வந்தது, அதற்கு எடுத்த வரவு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறையைச் சட்டமும் சொல்லவில்லை, விதிகளும் சொல்லவில்லை. வரியுள்ள விற்பனைக்கும் வரியில்லாத விற்பனைக்கும் பொதுவான செலவுகளின் வரவுக்கு விதி 42, இயந்திரம் போன்ற மூலதனச் சரக்குக்கு விதி 43 என்று வாய்ப்பாடு எழுதிய நீங்கள், அழிந்த சரக்குக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். கடைசியாக வங்கிக்குக் கொடுத்த சரக்குப் பட்டியலை எடுத்தோம். அதற்குப் பிந்தைய கொள்முதலை GSTR-2B-யிலிருந்து கூட்டினோம், விற்பனையை GSTR-1-இலிருந்து அடக்க விலைக்குக் குறைத்துக் கழித்தோம். மிஞ்சியதை வரி விகிதவாரியாகப் பிரித்து, தேறிய சரக்கை எண்ணிக் கழித்தோம். இந்தக் கணக்குத்தாளில் கடைக்காரர் கையெழுத்தோடு தேதி போட்டு, ஈரப் பெட்டிகளின் படங்களையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் சேர்த்து வைத்தோம். பேரிடரில் சிக்கும் எந்தக் கடைக்காரருக்கும் என் வேண்டுகோள், இந்தத் தாளை அந்த வாரமே தயார் செய்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது ஈரம் காய்ந்திருக்கும், பெட்டிகளும் இருக்காது.

நோட்டீஸ் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். லாப நட்டக் கணக்கில் 'வெள்ள நட்டம்' என்று ஒரு பதிவு இருக்கும். ஆண்டு ரிட்டர்னான GSTR-9-இல் 17(5) ரிவர்சலுக்கான 7E கட்டம் காலியாக இருக்கும். தணிக்கைக்கு வருபவர் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும். எடுத்த வரவைப் பயன்படுத்தியும் இருந்தால் 18% வட்டி சேரும். பயன்படுத்தாமல் லெட்ஜரில் கிடந்திருந்தால் வட்டி இல்லை என்று 50(3) பிரிவைத் திருத்தி நீங்களே தெளிவாக்கியிருக்கிறீர்கள், அது பெரிய ஆறுதல். ஆனால் சிறு கடைகளில் வரவு அப்படி சும்மா கிடப்பது அபூர்வம்.

உற்பத்தியாளர்களின் நிலை இன்னும் குழப்பமானது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் தயாரித்து அடுக்கிய பண்டல்கள் நனைந்து போனால், அழிந்தது தீப்பெட்டி. வரவு எடுக்கப்பட்டது அட்டைக்கும் மெழுகுக்கும் ரசாயனத்துக்கும். அவை அழியவில்லை, உற்பத்தியில் பயன்பட்டுவிட்டன. அப்படியானால் (h) பொருந்துமா? பொருந்தாது என்று நாங்கள் வாதிடுகிறோம், பொருந்தும் என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். ஏஆர்எஸ் ஸ்டீல்ஸ் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், உருக்கும்போது இயல்பாகக் குறையும் எடை இந்த உட்பிரிவில் வராது என்று தெளிவாகச் சொன்னது. தயாரிப்போடு ஒட்டிய இழப்புக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது. வெள்ளத்தில் போன கடைச் சரக்குக்கோ அது உதவாது. அங்கே 'அழிந்த' என்ற சொல் நேராகப் பொருந்திவிடுவதால் நீதிமன்றம் போயும் பயனில்லை. சட்டத்தைத் திருத்த உங்களால்தான் முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காப்பீடு இருக்கிறதே என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். காப்பீடு இருந்த கடைகளிலும் நடந்தது இதுதான்: சர்வேயர் பில் தொகையிலிருந்து ஜிஎஸ்டியைக் கழித்துவிட்டு நட்டத்தை மதிப்பிட்டார், 'அது உங்களுக்கு இன்புட்டாகக் கிடைத்துவிட்டதே' என்று. ரிவர்ஸ் செய்த GSTR-3B நகலையும் ஆடிட்டர் சான்றையும் கொடுத்த பிறகு சில இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியும் ஒரு முடிச்சு இருந்தது. வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை, வங்கிக்குக் காட்டிய வரி சேராத சரக்கு மதிப்பை வைத்தே போடப்பட்டிருந்தது. வரியையும் சேர்த்தால் சரக்கின் மதிப்பு காப்பீட்டுத் தொகையைத் தாண்டிவிடுகிறது, குறைவாகக் காப்பீடு செய்ததாகச் சொல்லி மொத்த இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கிறார்கள். அரசு ஒரு பக்கம் வரி கேட்கிறது, காப்பீட்டு நிறுவனம் மறுபக்கம் அந்த வரியை நட்டமாக ஏற்க மறுக்கிறது.

விதி 42 விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கடையில் வாடகை, தொலைபேசி, கணக்கு வேலை போன்ற பொதுச் செலவுகளில் மாதம் 6,000 ரூபாய் வரவு வரும். வழக்கமான விற்பனையில் 40% வரிவிலக்குப் பொருள். எனவே 2,400 ரூபாயைத் திருப்புவார். வெள்ளத்துக்குப் பிந்தைய ஜனவரியில் ஊரே அரிசியும் பருப்பும்தான் வாங்கியது. சோப்பு வைக்க அலமாரியே இல்லை. வரிவிலக்கு விற்பனை 70% ஆனது, அந்த மாதம் திருப்பியது 4,200. ஆண்டு முழுமைக்கும் மறுகணக்குப் போடும்போது கூடுதலாகத் திருப்பியதை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், விதி 42(2) அதற்கு இடம் தருகிறது. பல கடைகள் அந்த மறுகணக்கைப் போடுவதே இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன். இங்கே பணம் கொஞ்சநாள் முடங்குவதோடு சரி. 17(5)(h)-இல் போனதோ போனதுதான்.

விலக்கு தந்தால் மோசடி பெருகும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பில் இல்லாமல் விற்றுவிட்டு 'தண்ணீரில் போயிற்று' என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். அதற்காகத்தான் எல்லா இழப்புக்கும் விலக்கு நான் கேட்கவில்லை. திருட்டு, தொலைந்துபோவது, காலாவதி, கணக்குத் தள்ளுபடி எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். அரசு பேரிடர் என்று அறிவித்த நாட்கள், அறிவித்த வட்டங்கள், அங்கே பதிவு செய்யப்பட்ட கடை அல்லது குடோன், இவற்றுக்குள் மட்டும் கேட்கிறேன். குறித்த நாட்களுக்குள் போர்ட்டலில் இழப்பைத் தெரிவிக்க வேண்டும், வருவாய்த்துறை சான்றோ சர்வேயர் அறிக்கையோ இணைக்க வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். காப்பீட்டில் வரியையும் சேர்த்து இழப்பீடு வாங்கியிருந்தால் அந்தப் பகுதி வரவைத் திருப்பச் சொல்லுங்கள்.

இது உலகில் இல்லாத ஏற்பாடும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு மதிப்புக்கூட்டு வரி நெறிமுறை, 185ஆம் பிரிவில், முறையாக நிரூபிக்கப்பட்ட அழிவுக்கு வரவைத் திருத்த வேண்டியதில்லை என்று சொல்கிறது. திருட்டுக்கு மட்டும் உறுப்பு நாடுகள் விரும்பினால் திருப்பச் சொல்லலாம். நம் சுங்கச் சட்டமே 23ஆம் பிரிவில், உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு விடுவிக்கும் முன் அழிந்த இறக்குமதிச் சரக்குக்குத் தீர்வையைத் தள்ளுபடி செய்கிறது. துறைமுகக் கிடங்கில் அழிந்த சரக்குக்குக் காட்டும் பரிவை, அதே துறைமுகத்திலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் குடோனுக்கும் காட்டலாம்.

பேரிடரை ஜிஎஸ்டி அறியாததும் அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 279A பிரிவு, பேரிடர் காலத்தில் கூடுதல் நிதி திரட்டச் சிறப்பு வரி விகிதத்தைப் பரிந்துரைக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஜனவரியில் நடந்த உங்கள் 32ஆவது கூட்டத்தின் ஒப்புதலோடு, கேரளத்தில் 1% வெள்ள வரி 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை வசூலானது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 168A பிரிவு வெள்ளம், புயல், தீ ஆகியவற்றைப் பெயர் சொல்லி, கெடு தேதிகளை நீட்டிக்க அனுமதிக்கிறது. பேரிடருக்காக வரியைக் கூட்டவும், தேதியைத் தள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பேரிடரில் அழிந்த சரக்கின் வரியை விட்டுக்கொடுக்க மட்டும் வழி இல்லை.

சட்டத் திருத்தத்துக்கு நிதி மசோதாவும் மாநிலச் சட்டத் திருத்தங்களும் வேண்டும், காலம் பிடிக்கும் என்பது தெரியும். அதுவரை ஒரு சுற்றறிக்கையால் செய்யக்கூடியவை உண்டு. அழிந்த சரக்கின் வரவை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லுங்கள். பில் கிடைக்காதபோது விகிதவாரிச் சராசரியை ஏற்கலாம் என்று எழுதுங்கள். தயாரான பொருள் அழிந்தால் மூலப்பொருள் வரவு என்னவாகும் என்பதைத் தீர்த்துவையுங்கள். உட்பிரிவில் 'சரக்கு' என்று மட்டுமே இருப்பதால், அதற்கான லாரி வாடகை போன்ற சேவைகளின் வரவைக் கேட்க வேண்டாம் என்று அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

தவணை பற்றியும் யோசிக்க வேண்டும். 80ஆம் பிரிவு 24 மாதத் தவணை வரை தர ஆணையருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் ரிட்டர்னில் தானே ஒப்புக்கொண்ட வரிக்கு அந்தத் தவணை கிடையாது. இந்தக் கடைக்காரர் டிசம்பர் ரிட்டர்னிலேயே 1,28,000 ரூபாயை நேர்மையாகத் திருப்பினார், அதனால் கூடிய ரொக்க வரியைத் தவணையில் கட்ட வழியில்லை. மறைத்துவைத்து, நோட்டீஸ் வந்து, உத்தரவு வந்தவர் வட்டியோடு தவணை கேட்கலாம். பேரிடர் பகுதிகளுக்காவது, தானே முன்வந்து ரிவர்ஸ் செய்பவருக்கும் வட்டியில்லாத் தவணை கிடைக்கும்படி மாற்றுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு வரி 5% ஆகிவிட்டது. அதனால் இதே மளிகைக்கடை இன்று மூழ்கினால் திருப்ப வேண்டிய தொகை குறையும். ஆனால் பெயின்ட், மின்சாதனம், சிமென்ட் விற்பவர்களுக்கு 18% இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 17(5)(h) திருத்தத்தைச் சேர்க்கும்படி, தமிழ்நாட்டின் பிரதிநிதி வழியாகவும் நேரடியாகவும் கேட்டுக்கொள்கிறேன். கடைகளின் கணக்குத்தாள்களை, உரியவர்களின் அனுமதியோடு, உங்கள் அதிகாரிகளிடம் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்து வரி ஆலோசகர் ஒருவர்